மூன்றாவது நன்மை

கிளிநொச்சியில் மென்பொருள் செய்து விற்கும் சிறிய நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். முல்லைத்தீவில் மீன் வாங்கி ஏற்றும் ஒரு கம்பனிக்கு எங்கள் முதலாளி மின்னஞ்சலில் முன்மொழிவு அனுப்பி ஒரு மாதமாகியும் பதில் இல்லை. எடுத்துப் பார்த்தேன். நாங்கள் தகரக் கொட்டிலில் தொடங்கியது, பெற்ற விருதுகள், ஊழியரின் தகைமைகள் என்று நான்கு பந்திகள். அந்தக் கம்பனிக்கு என்ன செய்து கொடுப்போம் என்பது ஐந்தாவது பந்தியில்தான் வந்தது.

"அவைக்கு என்ன கிடைக்கும் எண்டதை முதல் சொல்லுவம், சேர். எங்கட கதை கடைசியில மூண்டு வரி காணும்."

"பட்ட கஷ்டத்தைக் கடைசியிலயோ போடுறது?" என்றவர், பிறகு, "சரி, எழுதிப் பாரும்" என்றார்.

அவர்களுடைய சிக்கல் தெரியாமல் எழுத முடியாது. நாயாற்றுக் கடற்கரையில் அவர்கள் மீன் நிறுக்கும் இடத்துக்குப் போனேன். அங்கே பதிவு செய்யும் அக்கா தேத்தண்ணி தந்து எல்லாவற்றையும் காட்டினா. எடை எழுதும் கடதாசித் துண்டுகள் ஈரத்தில் ஊறி எழுத்து அழிந்துவிடும். பின்னேரம் அவாவும் இன்னும் இரண்டு பெண்களும் அதே எடைகளைப் பெரிய கொப்பியில் திரும்ப எழுத வேண்டும். பிழைத்தால் மீனவர்களோடு வாக்குவாதம்.

"இதுக்கொரு வழி செய்தியள் எண்டால் புண்ணியம், தங்கச்சி."

'எங்கள் நிறுவன அறிமுகம்' என்றிருந்த தலைப்பை, 'நாயாற்று எடைகள் உடனுக்குடன் உங்கள் அலுவலகத்தில்' என்று மாற்றினேன். ஊறிப்போகும் துண்டுகளைப் பற்றி முதல் வரி. அடுத்து மூன்று நன்மைகள்: சிக்னல் இல்லாவிட்டாலும் எடை போனில் பதிவாகி, சிக்னல் கிடைத்ததும் அலுவலகம் போய்ச் சேரும். மீனவருக்குக் குறுஞ்செய்தி போவதால் வாக்குவாதம் குறையும். மூவர் செய்யும் பதிவை ஒருவரே முடிக்கலாம். ஒரு கிழமை இலவசமாகப் பரீட்சித்துப் பார்க்க அழைத்துவிட்டு, எங்களைப் பற்றிய மூன்று வரிகளோடு முடித்தேன். மூன்றாவது நன்மை கச்சிதமாக அமைந்ததில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாளே பதில் வந்தது. ஒப்பந்தமும் ஆயிற்று. மென்பொருள் ஓடத் தொடங்கிய இரண்டாம் மாதம் அந்த அக்காவையும் இன்னொருத்தியையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

கேள்விப்பட்டதும் அக்காவுக்குப் போன் எடுத்தேன். நான் தொடங்குமுன் அவாவே கதைத்தா.

"மனேஜர் உங்கட கடிதத்தை வாசிச்சுக் காட்டித்தான் நிப்பாட்டினவர். நல்லாத்தான் எழுதியிருக்கிறியள், தங்கச்சி. துண்டு ஊறுறதெல்லாம் நான் சொன்ன மாதிரியே கிடந்தது."

மன்னிப்புக் கேட்டேன். "நான்தானே எல்லாம் காட்டினனான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தா.

அடுத்து ஒரு அரிசி ஆலைக்கு எழுதச் சொன்னார் முதலாளி. இரண்டு நன்மைகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவர் திரையைப் பார்த்தபடி கேட்டார்.

"ஆள் குறையிற விசயம் எங்க? அதுதானே போனமுறை பிடிச்சது."

"அது வேண்டாமெண்டு விட்டனான், சேர்."

"அவையின்ர நன்மையை முதல் சொல்லோணும் எண்டு நீர்தானே சொன்னனீர்?"

உட்கார்ந்து அந்த மூன்றாவதையும் தட்டச்சினேன். இந்த முறை அதையே முதலாவதாகப் போடச் சொன்னார்.