நாளை முதல் இரட்டிப்பு

வாகனப் பதிவு அலுவலகத்தில் எல்லோரும் அவளை ‘மூணாம் நம்பர்’ என்றே கூப்பிடுவார்கள். பதினேழு வருடமாக மூன்றாம் கவுண்டர். அழுதாலும் அதட்டினாலும் அவள் கண் காகிதத்தைவிட்டு நகராது.

மின்சாரக் காருக்குப் பதிவு வரி கிடையாது என்று அரசு அறிவித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சலுகை கேட்டு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர், வீட்டு வாசலிலேயே சார்ஜ் போட வசதியுள்ளவர்கள். பலருக்கு அது இரண்டாவது கார். பெட்ரோல் கார் பதிவு பெரிதாகக் குறையவில்லை. அதனால் அதன் வரியை இரட்டிப்பாக்க உத்தரவு போட்டார்கள். தேதியை மூன்று மாதம் முன்பே சொல்லிவிட்டதுதான் வினை. அதற்குள் வாங்கிவிட வேண்டுமென்று பெட்ரோல் கார்கள் வெள்ளமாய் வந்து குவிந்தன.

அன்று கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் டோக்கன் எடுத்தவர்களுக்கு மட்டும் பழைய வரி.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவன் நின்றான். “நாலாவது மாடியில குடியிருக்கேன்க்கா. மின்சாரக் கார வாங்கிட்டு வயர ஜன்னல் வழியாத் தொங்கவிடவா? நாளைக்கு ஆச்சுன்னா ரெட்டிப்பு, தெரியும்ல?”

“தெரியும். அதனாலதான் தண்ணிகூடக் குடிக்காமத் தட்டிக்கிட்டு இருக்கேன்.”

அப்போது கணினித் திரை உறைந்தது. “சிஸ்டம் போச்சு! எல்லாருக்கும் புது வரிதான்!” என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான்.

கூட்டம் வெறிகொண்டது. நாற்காலிகள் பறந்தன. தடுக்க வந்த பியூனின் வாயில் குத்து விழுந்து, பல் ஒன்று தரையில் தெறித்தது. ஓட்டுநர் சுவரிலிருந்த தீயணைப்பு உருளையைப் பிடுங்கிக் கண்ணாடியில் ஓங்கி அடித்தான். நொறுங்கிய ஓட்டை வழியே கையை விட்டு அவள் கூந்தலைப் பற்றி இழுத்தான்.

“போடுடி பதிவ!”

அவள் நெற்றி மேசையில் மோதியது. மறுபடியும் மோதியது. கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. வாசல் காவலிலிருந்து ஓடிவந்த போலீஸ்காரரின் தடி அவன் முழங்கையில் இறங்கியபோது எலும்பு முறியும் சத்தம் கேட்டது. பிடி விட்டது.

கூட்டத்தை வெளியே தள்ளினார்கள். நாலாம் கவுண்டரின் கணினியில் சர்வர் மெல்ல உயிர் பெற்றது. அவள் நெற்றியில் துணியை அழுத்தியபடி போய் உட்கார்ந்தாள். கண்ணாடிச் சில்லுக்கு நடுவே கிடந்த ஓட்டுநரின் விண்ணப்பத்தை எடுத்துத் தட்டச்சு செய்தாள்.

பியூன் வீங்கிய வாயோடு பதறினான். “உங்க மண்டைய ஒடச்சவனுக்காக்கா?”

“அஞ்சு மணிக்குள்ள டோக்கன் எடுத்திருக்கான். பழைய வரிதான்.”

ரசீதை எடுத்துப்போய், சுவரோரம் முறிந்த கையோடு கிடந்தவனின் சட்டைப்பையில் செருகினாள். அவன் அதை எட்டிப் பார்த்தான். முகம் கோணியது.

“மன்னிச்சிடுக்கா.”

“வரிசையில நின்னதுக்கு ரசீது குடுத்தாச்சு. அடிச்சது வேற.”

அவள் அங்கு வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். “சார், என் புகார எழுதுங்க. முடியப் புடிச்சு இழுத்தான்ல, அதுலேர்ந்து ஆரம்பிங்க.”