இரண்டாவது அலசல்

வீட்டிலிருந்தே ஆன்லைனில் விக் விற்கத் தொடங்கியிருந்த ஜன்னத், ஈரோட்டு முடி வியாபாரி சென்னியப்பனின் மேசையில் சடைபிடித்த முடிக்கற்றையை வீசினாள்.

"முதல் தரம்னீங்க! ரெண்டாவது அலசல்லயே இப்படி ஆயிருச்சு. சீப்புல உதுந்த சிக்குமுடியப் பொறுக்கி, வேரும் நுனியும் கலந்து கெடக்கறது வெளிய தெரியாம இருக்க சிலிக்கான் பூசியிருக்கீங்க!"

"ஏனுங்க அம்மணி, கோயில்ல மொட்டையடிச்ச ஒசத்தி முடின்னு போட்டு வித்துப்போடுங்க. வாங்கறவங்களுக்கு என்ன தெரியப்போவுது?"

ஜன்னத் அவர் தலையிலிருந்த விக்கைக் காட்டினாள். "இதுவும் இந்தச் சரக்குதானுங்களா?"

சென்னியப்பன் பதறிப்போய்த் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, இது நல்ல முடிங்க!"

ஜன்னத் அங்கேயே போனை எடுத்து, தன் ஆன்லைன் கடைப் பக்கத்தில் அந்தக் கற்றையின் படத்துக்குக் கீழே எழுதினாள்: "சிக்குமுடி. இரண்டு அலசலில் சடைபிடிக்கும். விற்பவரே தலையில் வைப்பதில்லை."