இசட் டிரைவுக்கு அக்கா எழுதிய விதிகள்

ஒரு மின்னஞ்சலைப் படித்து எனக்கு வியர்த்தது என்றால் யாரும் நம்புவதில்லை. அதில் திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. பொது டிரைவில் கோப்புகளுக்கு எப்படிப் பெயர் வைப்பது, யார் எதைத் திறக்கலாம், எதை எத்தனை காலம் வைத்திருப்பது என்று ஒன்றரைப் பக்கம். அவ்வளவுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். மதுரையில் ஒரு மாடியில், கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகம். மொத்தம் ஆறு பேர். நாங்கள் சார் என்று கூப்பிட்ட பொறியாளர்தான் முதலாளி. அவருக்கு அடுத்து மூத்த வரைவாளர், எனக்கு அண்ணே. நான் அவருக்கு மாப்ள. மேசைக்கு அடியில் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டர்தான் சர்வர். எல்லோருடைய திரையிலும் அது ‘இசட்’ என்று தெரியும். வரைந்ததையெல்லாம் அதில்தான் கொட்டுவோம். கொட்டுவோம் என்பதுதான் சரியான வார்த்தை.

கோப்புகளைக் கவனித்துக்கொண்டவர் அக்கா. சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குப் போன் போட்டால் அவர் மொழி படபடவென்று ஓடும், எங்களுக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. எங்களிடம் பேசும்போது மட்டும் வார்த்தைகளை எண்ணித்தான் தருவார். வெள்ளிக்கிழமை மாலையானால் இசட் டிரைவை சி.டி.யில் பதிந்து, மேலே தேதி எழுதி, இரும்பு அலமாரியில் வைப்பார். இந்த வேலையற்ற வேலை எதற்கு என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். அந்த வயதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம். ஒரு வெள்ளிக்கிழமை, படிக்கட்டைத் தள்ளிப் போட வேண்டியிருந்ததால் அண்ணே இரண்டு தூண்களின் இடத்தை மாற்றி, புதுப் படத்தை டிரைவில் போட்டுவிட்டு, மறுநாள் விடுப்பில் போனார். சனிக்கிழமை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போக வேண்டியவன் நான். கோப்புகளின் பெயர்களில் தேதி போடுவோம், நாள் முதலில், மாதம் பிறகு. அதனால் பட்டியலில் 04-08 மேலே நின்றது, பழைய 28-07 கீழே நின்றது. கடைசியில் இருப்பதுதான் புதுசு என்று கீழே இருந்ததை அச்சடித்து, மாட்டுத்தாவணியில் ராஜபாளையம் பஸ் ஏறி, கொத்தனார் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். போகிற வழியெல்லாம் நல்ல தூக்கம் வேறு.

திங்கள் காலை சார் அங்கே போய்ப் பார்த்தால், இரண்டு தூண் குழிகள் தப்பான இடத்தில். கான்கிரீட் போடவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அவர் போனில் கத்தியதைக் கேட்டதும் நான் ஓடிப்போய் 04-08ஐத் திறந்தேன். தூண்கள் இடம் மாறியிருந்தன. அப்போதெல்லாம் எந்த நிமிடமும் கரண்ட் போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் பண்ணுவது எங்கள் விரல்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அன்றும் விரல் தானாக அழுத்தியது. மூடிவிட்டு எழுந்தேன்.

மாலையில் சார் வந்து அந்தக் கோப்பைக் கடைசியாகச் சேமித்த தேதியைப் பார்த்தார். திங்கள், காலை பத்தரை என்று காட்டியது.

“இன்னைக்குக் காலையிலதானே போட்டிருக்கீங்க?” என்று அண்ணேயிடம் கேட்டார்.

“இல்ல சார், வெள்ளிக்கிழமையே போட்டுட்டேன்.”

“பேருல எந்தத் தேதி வேணா போடலாம், கம்ப்யூட்டர் தேதி பொய் சொல்லுமா? கல்லுப்பட்டி வேலைய இனி நீங்க தொட வேணாம். மாசக் கடைசில பேசிக்கலாம்.”

அந்தப் ‘பேசிக்கலாம்’ என்றால் என்ன என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அப்படிப் பேசிக்கொண்டவர் யாரும் மறு மாதம் வந்ததில்லை. அண்ணே நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எனக்குக் கோடு போடப் பழக்கியவர் இல்லை, சோறு வாங்கிக் கொடுத்தவரும் இல்லை. பக்கத்து மேசைக்காரர், அவ்வளவுதான். ஆனால் அந்த நிமிடம் வாய் திறக்க வேண்டியவன் நான். திறக்கவில்லை. எனக்குப் பயம். இதைவிட நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை அந்த மெயில் வந்தது. அக்கா ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார், சாரையும் சேர்த்து எல்லோருக்கும்.

முதலில் பெயர். வேலைக்கு மூன்றெழுத்துக் குறியீடு, படத்தின் எண், எத்தனையாவது திருத்தம், அதன் பிறகே தேதி. தேதியில் ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில். அப்போதுதான் பட்டியலில் புதியது கீழே வரும். இப்போதைய முறையில் யார் பார்த்தாலும் ஏமாந்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தார். ‘யார் பார்த்தாலும்’ என்ற அந்த இரண்டு வார்த்தைகளை நான் நாலு முறை படித்தேன்.

அடுத்து பகிர்வு. வரைந்தவர் மட்டுமே மாற்றலாம். மற்றவர்கள் திறந்து பார்க்கலாம், சேமிக்க முடியாது. வெறுமனே பார்ப்பதற்குத் திறந்தவர் சேமித்தால்கூடக் கோப்பின் தேதி மாறிவிடும், பிறகு அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வெளியே போவது பி.டி.எஃப். மட்டும், அதுவும் ‘அனுப்பியவை’ என்ற ஃபோல்டரிலிருந்து மட்டும்.

பிறகு வைத்திருக்கும் காலம். பழைய திருத்தங்களை யாரும் அழிக்கக் கூடாது, ‘பழையவை’க்குள் நகர்த்த வேண்டும். கட்டடம் முடிந்து ஐந்து வருடம் எல்லாம் இருக்கும். வாராந்திர சி.டி.க்களும் அப்படியே. கடைசி வரி: போன வெள்ளிக்கிழமை சி.டி. சாரின் மேசையில் இருக்கிறது, தூண்களின் புதுப் படம் அதில் உள்ளது.

இம்புட்டுத்தான். யாருடைய பெயரும் இல்லை, குற்றம் என்ற சொல்லே இல்லை. ஒரு மனிதரின் பிழைப்பைக் காப்பாற்றியாயிற்று, அதே கையோடு அலுவலகத்தையும் ஒழுங்குபடுத்தியாயிற்று. எத்தனையோ பெரிய எழுத்தையெல்லாம் பிறகு படித்திருக்கிறேன். இப்படித் தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லாத எழுத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

சார் சி.டி.யைப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். நேராக அண்ணேயிடம் போனார்.

“வெள்ளிக்கிழமையே இருந்திருக்கு. நான் தப்பாச் சொல்லிட்டேன். வேலைய நீங்களே பாருங்க.” பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “அப்ப திங்கக்கிழமை சேவ் பண்ணது யாரு?”

“நான்தான் சார்,” என்றேன். “பழைய படத்தக் கொண்டு போனதும் நான்தான். அன்னைக்கே தெரியும், சொல்லல.”

சார் என்னை உள்ளே கூப்பிட்டுக் கிழித்தார். வேலையை விட்டு அனுப்பவில்லை. அண்ணே இரண்டு வாரம் என்னை மாப்ள என்று கூப்பிடவில்லை. ‘தம்பி, அந்த ஸ்கேலை எடுங்க’ என்றார். அந்த ‘ங்க’ சாரின் திட்டைவிட அதிகம் வலித்தது.

மெயில் வந்த அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது படிக்கட்டில் பிடித்தேன்.

“அக்கா, நான்தான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“படத்தோட விவரத்துல கடைசியா சேவ் பண்ணவர் பேரு விழும் தம்பி. செவ்வாய்க்கிழமையே பார்த்தேன்.”

“பின்ன ஏன் மெயில்ல எழுதல?”

“அதையும் நானே எழுதிட்டா, நீங்க சொல்றதுக்கு என்ன மிச்சம் இருக்கும்?” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனார்.