எதனால் வீட்டுக்கு அனுப்பினோம்

நான் மாவட்ட மனநலக் குழுவில் சமூகப் பணியாளர். வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை, சிவகாசிப் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் உட்காருவேன். என்னோடு ஒரு செவிலியர் இருப்பார். மனநல மருத்துவர் விருதுநகரிலிருந்து வருவார்.

இந்த நோயாளியை முதலில் பார்த்தது பொது வார்டில். விஷம் குடித்து நான்கு நாள் ஆகியிருந்தது. உடல் தேறிவிட்டது, அன்று மாலை வீட்டுக்கு அனுப்பலாம், அதற்கு முன் மனநலக் குழு பார்க்க வேண்டும் என்று வார்டிலிருந்து சீட்டு வந்தது. நாற்பது வயதிருக்கும். அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டியவர். ஒன்றரை வருடத்துக்கு முன் அந்த மெஷினில் வலது கையில் மூன்று விரல்கள் போயின. அதன் பிறகு அச்சான தாள்களைச் சரிபார்க்கிற மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள்.

பேசியது அவர் மனைவிதான். "ஏதோ கோவத்துல பண்ணிட்டாக மேடம். இனிமே பண்ண மாட்டாக. அதை எழுதிக்கோங்க." போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் அவருக்கு. தகவல் கொடுப்பது வழக்கம்தான், ஆனால் இதற்காகத் தண்டிப்பதில்லை, மனக்கஷ்டத்தில் செய்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்கிறது என்று விளக்கிவிட்டு, அவரைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னேன். தனியாகத்தான் கேட்க வேண்டும்.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். செத்துப்போகணும்னு எப்போதிலிருந்து நினைக்கிறீங்க?

"ரெண்டு மாசமா" என்றார்.

கோபத்தில் செய்தது அல்ல. வீட்டில் யாரும் இல்லாத நாளுக்காகக் காத்திருந்திருக்கிறார். குடித்த பிறகு பயந்து மனைவிக்குப் போன் போட்டதும் அவரே. இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறதா என்றேன். வந்து வந்து போகிறது, செய்துகொள்ள வேண்டும் என்று இப்போது இல்லை என்றார். இன்னும் பத்துக் கேள்வி கேட்டு, மேஜைக்கு வந்து எழுதினேன்.

அன்று நான் எழுதியது இன்னும் கோப்பில் இருக்கிறது. 'பாதுகாப்புக் காரணிகள்: மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், கடவுள் நம்பிக்கை. ஆபத்து: குறைவு.' அவ்வளவுதான். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஏறக்குறைய இதையேதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் படித்துவிட்டுக் கேட்டார். "பிள்ளைங்க இருக்கிறது அவரைத் தடுக்கும்னு யார் சொன்னது? அவரா, நீங்களா?"

நான்தான். பிள்ளை இருக்கிறவர் பிள்ளைக்காக வாழ்வார் என்று நானாக எழுதியிருந்தேன்.

"ஆபத்து குறைவுன்னா எதை வச்சுக் குறைவு? நாளைக்கு இதை எடுத்துப் படிக்கிறவருக்கு, ஏன் வீட்டுக்கு அனுப்பினோம்னு எப்படித் தெரியும்?" குரலை உயர்த்தவில்லை. கோப்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

திரும்ப வார்டுக்குப் போனேன். பிள்ளைகளை நினைத்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். அவர் இடது கையால் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"நான் இல்லேன்னா அதுகளுக்கு நல்லது மேடம். அம்மா வீட்டாளுக பாத்துக்கிருவாக. நொண்டிக் கைக்காரன் மவளுகன்னு பேர் வாங்க வேண்டாம்ல."

நான் பாதுகாப்பு என்று எழுதியது அவருக்குள் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தது. வேறு எது தடுத்தது, இதற்கு முன் எப்போதாவது செய்யப் போய் நின்றிருக்கிறீர்களா என்று கேட்டேன்.  ஒரு நண்பரைப் பற்றிச் சொன்னார். அதே அச்சகத்தில் வேலை, அதே தெரு. விரல்கள் போன நாளிலிருந்து தினமும் காலையில் வாசலில் வண்டியை நிறுத்தி, "ஏலே, இன்னும் கெளம்பலையா" என்று சத்தம் போட்டு, இவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார். ஒருநாள் எல்லாம் முடிவெடுத்து உட்கார்ந்திருந்தபோது அந்த ஹாரன் கேட்டதாம். "அவன் வந்து நிப்பானே, என்னன்னு சொல்றதுன்னு எந்திரிச்சுப் போய்ட்டேன்."

கோப்பில் எழுதியதை அழிக்கக் கூடாது, கிழிக்கவும் கூடாது. பழைய வரிகளின் மேல் படிக்கும்படியாக ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் கையெழுத்தும் வைத்தேன். கீழே புதிதாக எழுதினேன். எது அவர் சொன்னது, எது மனைவி சொன்னது, எது நான் பார்த்தது என்று பிரித்து எழுதினேன். பிள்ளைகளைப் பற்றி அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டேன். ஆபத்தைக் கூட்டுபவை: திட்டமிட்டது, இரண்டு மாத எண்ணம், தான் பாரம் என்ற நினைப்பு, தூக்கம் குறைவு. குறைப்பவை: குடித்த பின் தானே உதவி கேட்டது, இப்போது செய்யும் நோக்கம் இல்லை என்பது, வேலை, காலையில் வருகிற நண்பர்.

பிறகு மருத்துவரும் அவரிடம் பேசினார். உள்நோயாளியாகச் சேர்க்கலாமா என்பதை இரண்டு பக்கமும் எடுத்துப் பார்த்தோம். சேர்க்காமல் அனுப்புவதற்கான காரணத்தையும், எந்த நிபந்தனையில் அனுப்புகிறோம் என்பதையும் எழுதினோம். மனைவி ஒரு வாரம் கூடவே இருப்பார். வெம்பக்கோட்டைப் பக்கம் அவர்களுக்கு மானாவாரி நிலம் உண்டு. அதற்கு அடிக்கிற பூச்சிமருந்தை மைத்துனர் அன்றைக்கே எடுத்துப்போய்த் தன் வீட்டில் பூட்டி வைப்பார். மூன்றாம் நாள் திரும்ப வர வேண்டும். கடைசியாக, எது மாறினால் மறுபடி மதிப்பிட வேண்டும் என்று ஒரு வரி: 'நண்பர் வருவது நின்றால், வேலை நின்றால், மருந்து வீட்டுக்குத் திரும்பினால்.' அச்சகத்தில் காலண்டர் சீசன் பொங்கலோடு முடிந்து வேலை குறையும் என்பதையும் சேர்க்கச் சொன்னவர் மருத்துவர்.

பாதுகாப்புத் திட்டத்தை அவரை வைத்துத்தான் எழுதினோம். அவரால் பேனா பிடிக்க முடியாது. அவர் சொல்லச் சொல்ல மனைவி எழுதினார். எண்ணம் வரப்போகிறது என்பது எப்படித் தெரியும்? "விடிஞ்சதும் சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டே இருப்பேன்." அப்போது தனியாக என்ன செய்வார்? வெளியே வந்து தொட்டியில் தண்ணீர் நிரப்புவார். யாரிடம் போவார்? டீக்கடை. யாரிடம் சொல்வார்? நண்பரிடம். அதற்கும் அடங்கவில்லை என்றால் எங்கள் எண், அரசு உதவி எண், மருத்துவமனை. நண்பரைக் கூப்பிட்டுப் பேச அவரிடம் சம்மதம் வாங்கி, அதையும் குறித்துக்கொண்டேன். ஒரு பிரதி அவருக்கு, ஒன்று கோப்புக்கு.

எல்லாம் முடிய மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. அன்று காத்திருந்த மற்றவர்கள் என்னைத் திட்டினார்கள்.

அடுத்த நான்கு மாதம் ஒழுங்காக வந்தார். மாத்திரை ஒத்துக்கொண்டது. முகம் தெளிந்தது. எம். புதுப்பட்டிக் கோயில் கொடை விழாவுக்குப் போய் வந்ததாகச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது; இடது கையில் எழுதப் பழகியதைக் காட்டுவதற்காகவே சீக்கிரம் வருவார்.

மாசியில் என் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. மூன்று வாரம் விடுப்பு எடுத்தேன். அந்த வியாழக்கிழமைகளில் ஒன்றில் நடந்ததை நான் கோப்பிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அன்று மனநல மருத்துவரும் வரவில்லை. புதிதாக வந்த டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதிக்கொண்டிருந்தார். இவர் மனைவியோடு வந்து, நல்லா இருக்கேன், மாத்திரை மட்டும் கொடுங்க என்றிருக்கிறார். டாக்டர் எழுதியும் விட்டார். செவிலியர் மருந்து கொடுக்கும் முன் கோப்பைப் புரட்டியிருக்கிறார். அந்தக் கடைசி வரி கண்ணில் பட்டிருக்கிறது.

"காலையில கூட்டிட்டுப் போறவுக இப்பவும் வாராகளா?"

 மனைவிதான், "அவுக பொங்கல் முடிஞ்சதும் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பிரஸ்ஸுக்குப் போய்ட்டாக சிஸ்டர். இவுகளுக்கும் லோடு இல்லன்னு வாரத்துல ரெண்டு நாளுதான் வேலை" என்றிருக்கிறார்.

"மைத்துனர் வீட்ல வச்ச மருந்து?"

"மக்காச்சோளத்துக்கு அடிக்க எடுத்தாந்தோம். மிச்சம் வீட்லதான் இருக்கு."

செவிலியர் மனைவியை வெளியே உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, அவரிடம் நேராகக் கேட்டிருக்கிறார். எட்டு நாளாக மறுபடி அந்த எண்ணம் வருகிறது, இன்றைக்கு வந்ததே மனைவி இழுத்ததால்தான், இந்த முறை யாருக்கும் போன் போட மாட்டேன் என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

டாக்டரிடம் கோப்பைக் காட்டி, விருதுநகருக்குப் போன் போட்டு மனநல மருத்துவரிடம் பேசி, நோயாளியின் சம்மதத்தோடு அன்றே அங்கே உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவரைத் தனியாக விடவில்லை. மருந்தை எடுக்கச் சொல்லி மைத்துனருக்குப் பேசியது, அவர் எடுத்துவிட்டேன் என்று திரும்பப் பேசிய நேரம், எல்லாம் செவிலியரின் உருண்டைக் கையெழுத்தில் இருந்தது. ஒரு பக்கம் முழுக்க. எதற்காகக் கேட்டேன் என்பதையும் ஒரு வரியில் எழுதியிருந்தார்: 'முந்தைய குறிப்பில் சொன்ன மூன்றும் மாறியிருப்பதால்.'

படித்து முடித்தேன். அன்று நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். இடது கையால் எழுதியதைக் காட்டச் சொல்லியிருப்பேன். நல்லா இருக்கேன் என்றதை நம்பி மாத்திரையைக் கொடுத்து அனுப்பியிருப்பேன். எனக்கு அவரைத் தெரியும் என்பதால் நான் கோப்பைத் திறந்தே இருக்க மாட்டேன். செவிலியருக்கு அவரை அவ்வளவாகத் தெரியாது. செவிலியரிடம் இதைச் சொன்னபோது, "அதான் எழுதி இருந்துச்சே மேடம்" என்றுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

மூன்று வாரம் கழித்து அவர் வீடு திரும்பினார். அடுத்த வியாழக்கிழமை வந்து, என்னைப் பற்றி என்னதான் எழுதி வச்சிருக்கீக, பாக்கலாமா என்றார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுத்தேன். விரலை ஓட்டி ஓட்டி, தாள் சரிபார்க்கிறவரின் பழக்கத்தில் படித்தார். ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"தூக்கம் குறைவுன்னு போட்டிருக்கீக. நான் அப்படிச் சொல்லல. தூக்கம் நல்லா வரும். முழிக்கத்தான் பிடிக்கலன்னு சொன்னேன்."

சொல்லியிருப்பார். நான் கேட்டதும் எழுதியதும் வேறாகியிருக்கும். பழைய வரியைத் தொடவில்லை. அன்றைய தேதியில், 'நோயாளி இன்று கோப்பைப் படித்துத் திருத்திச் சொன்னது' என்று எழுதி, அவர் வாக்கியத்தைப் போட்டேன். புதுத் திட்டத்தில் காலை நேரத்தைத்தான் முதலில் எடுத்துக்கொண்டோம். விழித்ததும் பத்து நிமிஷத்துக்குள் எழுந்து வெளியே வர வேண்டும், மனைவி அதற்கு முன்பே எழுந்திருப்பார் என்று முடிவானது. நண்பர் இருந்த இடத்தில் யார் என்று கேட்டதற்கு, "அங்கன இருந்து அவன் தினம் போன்ல சத்தம் போடுறேன்னிருக்கான். ஆனா அதை நம்பி எழுதாதீக. ரெண்டு வாரம் பாத்துட்டு எழுதுவோம்" என்றார். திட்டத் தாளில் நண்பருக்கான அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, காலியாக விட்டதன் காரணத்தைப் பக்கத்தில் எழுதினேன். அதுவரை வாரம் இருமுறை செவிலியர் போனில் பேசுவார் என்றும் எழுதினோம்.

இரண்டு வாரம் கழித்து அவரே இடது கையால் அந்தக் கட்டத்தை நிரப்பினார். நண்பரின் போன் நின்றுவிட்டதால், மைத்துனர் பெயரை. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். அச்சகத்தில் ஆடி முதல் வேலை கூடியிருக்கிறது. மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே கேள்விகளைக் கேட்கிறேன். சில நாள் அவருக்கு எரிச்சலாக இருக்கும், ஆனாலும் ஒன்றுவிடாமல் பதில் சொல்லிவிட்டுத்தான் எழுவார்.