இரண்டு நியம விலகலுக்குள்

தொண்ணூற்றிரண்டு எடுத்ததற்காக என்னைத் திருடி என்றார்கள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. நடந்தது இதுதான்.

கண்டியில் ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பில் வர்த்தகப் பிரிவு படித்தேன். அம்மா கொழுந்து பறிக்கிற தேயிலைத் தோட்டம் பன்வில பக்கம். அங்கே இருந்த பள்ளிக்கூடத்தில் வர்த்தகப் பிரிவு இல்லை. அதனால் விடியுமுன்னே பஸ் ஏறி டவுனுக்கு வருவேன், பள்ளி விட்டதும் அதே பஸ்ஸில் திரும்புவேன். வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். புள்ளிவிபரவியல் படிப்பித்த சேர் யாழ்ப்பாணத்துக்காரர். பின்னேரங்களில் டவுனில் டியூஷன் வகுப்பும் வைத்திருந்தார். எங்கள் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு அங்கே போகும். பின்னேரம் இருந்தால் எனக்குக் கடைசி பஸ் கிடைக்காது. நான் போகவில்லை.

இரண்டாம் தவணைப் பரீட்சையில் பாதிக்கு மேல் செவ்வன் பரம்பல், அந்த மணி வடிவ வளைகோடு. இடை, அதாவது சராசரி, இவ்வளவு, அதைச் சுற்றிய சிதறலைக் காட்டும் நியம விலகல் இவ்வளவு, இந்த எல்லைக்கும் அந்த எல்லைக்கும் இடையில் எத்தனை வீதம் என்று கேட்கும் கணக்குகள். எனக்கு அவை பிடிக்கும். எல்லையிலிருந்து இடையைக் கழித்து நியம விலகலால் பிரி, அட்டவணையில் பரப்பைப் பார், கூட்ட வேண்டுமா கழிக்க வேண்டுமா என்று படம் போட்டு முடிவு செய். அதில் ஏமாற்று வேலை எதுவும் கிடையாது. அதனால்தான் பிடித்தது.

பேப்பர் திருத்தி வந்தபோது எனக்கு 92. இரண்டாவதாக வந்தவளுக்கு 71. சேர் பேப்பரை என் கையில் தரவில்லை. பலகைக்குத் திரும்பினார்.

"வகுப்பின்ர இடை 44. நியம விலகல் 16. 92 எண்டால் எத்தினை நியம விலகல் மேல, சொல்லுங்கோ பாப்பம்?"

"மூணு சேர்" என்று பின்வரிசை வாங்கிலிருந்து சத்தம் வந்தது.

"ஓம், மூண்டு. மூண்டு நியம விலகலுக்குள்ள எத்தினை வீதம் வரும்?"

"99.73!" முழு வகுப்பும் சேர்ந்து கத்தியது. பாடமாக்கி வைத்திருந்தார்கள்.

"அப்ப ரெண்டு பக்கமும் சேர்த்து மிச்சம் 0.27. மேல் பக்கம் மட்டும் அதில அரைவாசி. ஆயிரம் பேரில ஒராள். இஞ்ச இருக்கிறது முப்பத்தெட்டுப் பேர்." சாக்கட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதுக்கு என்ன அர்த்தம், பிள்ளை?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பாராட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றும்.

மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அம்மா ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பிரின்சிபல் மிஸ், சேர், நாங்கள் இரண்டு பேர். மிஸ் நல்ல மனுஷிதான். அக்குறணைப் பக்கத்து முஸ்லிம். ஆனால் கணக்கு என்றால் சேர் சொன்னதே வேதம்.

"மகள், உண்மையச் செல்லுங்க. கொப்பியடிச்சது ஊர்ஜிதமானா நான் லீவிங் தரணும். வேற வழியில்ல" என்றார்.

லீவிங் என்றால் விடுகைப் பத்திரம். அதை வாங்கினால் என் ஏ.எல். முடிந்தது. தோட்டத்துக்குக் கிட்ட எங்கேயும் இந்தப் பாடங்கள் கிடையாது. அம்மாவுக்கும் அது விளங்கியது.

"யாரப் பாத்து மிஸ் அடிச்சேன்? எனக்குப் பக்கத்துல இருந்தவளுக்கு 39. வகுப்புலயே ரெண்டாவது 71. 39ஐயும் 71ஐயும் பாத்து எழுதினா 92 வருமா?"

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். சேர் சிரிக்கவில்லை.

"பாத்து எழுதினது எண்டு நான் சொல்லேல்லை. பேப்பர் முதலே கையில கிடைச்சிருக்கும். உம்மட அண்ணன் போட்டோகொப்பிக் கடையிலதானே நிக்கிறார்?"

"பேப்பர் அடிச்சது ஸ்கூல் மெஷின்ல சேர்."

"மெஷின் அடிக்கிறவரும் கடைக்காரரும் கூட்டாளிமார்தானே. டியூஷனுக்கும் வாறேல்லை. பிறகு எப்பிடி வந்தது 92?"

"படிச்சு வந்துச்சு."

"ஆயிரத்தில ஒண்டு, பிள்ளை!"

"ஆயிரத்துல ஒண்ணுன்னா அந்த ஒண்ணு இருக்குதானே சேர்? அந்த வளைகோடு மூணோட நிக்குதா? கீழ்க் கோட்டத் தொடாம போய்க்கிட்டே இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் முகம் கறுத்தது. நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"நம்ம வகுப்புப் புள்ளி செவ்வன் பரம்பல்னு யாரு சொன்னா? வரைஞ்சு பாத்தீங்களா?"

நான் வரைந்து பார்த்திருந்தேன். முந்தின நாள் சேர் எல்லாருடைய புள்ளியையும் வாசித்தபோதே குறித்து, பஸ்ஸில் வைத்து வரைந்தேன். டியூஷனுக்குப் போகாத இருபத்துச் சொச்சம் பேர் முப்பதுகளைச் சுற்றி ஒரு கும்பல். டியூஷனுக்குப் போகிறவர்கள் அறுபதைச் சுற்றி இன்னொரு கும்பல். இடை 44 என்றாரே, அந்த 44க்குக் கிட்ட அநேகமாக ஒருத்தருமே இல்லை. நடுவில் பள்ளம், இரண்டு பக்கமும் மேடு. மணி மாதிரி நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிகிற வளைகோட்டுக்கு உரிய வீதங்களை இந்த இரட்டை மேட்டின்மேல் வைத்து என்னைத் திருடி என்றார் மனுஷன். பிழையான கணக்கு. அது கிடக்கட்டும். சரியான கணக்காகவே இருந்தாலும், அரிதாக நடப்பது வேறு, களவாக நடப்பது வேறு. ஆயிரத்தில் ஒன்று என்று அட்டவணை சொல்லும். அந்த ஒன்று எப்படி வந்தது என்று எந்த அட்டவணையும் சொல்லாது.

நான் காகிதத்தை எடுத்து மேசையில் வைக்குமுன் அம்மா எழுந்துவிட்டாள். குனிந்து, சேரின் காலைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து, "தெரியாம செஞ்சிருச்சுங்க சேர். சின்னப் புள்ள. மன்னிச்சு உட்டுருங்க" என்றாள்.

அவ்வளவுதான். என் வழக்கு அங்கேயே தோற்றுவிட்டது. காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டேன்.

மிஸ் ஒரு வழி சொன்னார். திரும்பவும் ஒரு பரீட்சை, எனக்கு மட்டும். நல்ல புள்ளி வந்தால் லீவிங் இல்லை. சேர் ஒத்துக்கொண்டார்.

திரும்பிப் போகும் பஸ்ஸில் அம்மா வத்தேகமை தாண்டியதும், "நெசமாவே நீதான் எழுதுனியா?" என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பரீட்சை லைப்ரரியில் நடந்தது. காவலுக்குச் சிங்களப் பாட மிஸ். முழுக்கச் செவ்வன் பரம்பல். முதல் கேள்வி பேக்கரிப் பாணின் நிறை பற்றியது. இடை 450 கிராம், நியம விலகல் 8 கிராம், 442க்கும் 466க்கும் இடையில் எத்தனை வீதம். கீழே ஒரு நியம விலகல், மேலே இரண்டு. 0.3413ஐயும் 0.4772ஐயும் கூட்டினால் 0.8185. கிட்டத்தட்ட எண்பத்திரண்டு வீதம். எழுதினேன். அடுத்தடுத்த கேள்விகளும் வந்தன. கடைசிக் கேள்விக்கு 24 புள்ளி. தேயிலைப் பைக்கற், இடை 400 கிராம், நியம விலகல் 8, 390க்குக் குறைவானவை எத்தனை வீதம், ஐயாயிரம் பைக்கற்றில் எத்தனை. பத்தை எட்டால் பிரித்தால் 1.25. அட்டவணையைப் பார்க்கலாம் என்று பேப்பரைத் திருப்பினேன். அட்டவணை இல்லை.

ஒன்று, இரண்டு, மூன்று இவற்றுக்கான பரப்பு எல்லாருக்கும் பாடம். 1.25க்கு உள்ளதை யார் பாடமாக்கி வைப்பார்கள்? அதற்காகத்தானே எந்தப் பரீட்சையிலும் அட்டவணை தருவது?

"மிஸ், டேபிள் தரல்ல."

அவர் பாவம், போய்க் கேட்டுவிட்டு வந்தார். "சேர் சொல்றார், தெரிஞ்ச பிள்ளைக்கு டேபிள் தேவையில்லையாம்."

படம் வரைந்தேன். 1.25ஐக் குறித்தேன். வேண்டிய பக்கத்தைக் கறுப்பாக்கினேன். 0.5இலிருந்து அந்தப் பரப்பைக் கழித்து, வருவதை ஐயாயிரத்தால் பெருக்க வேண்டும் என்று எழுதினேன். அதற்குக் கீழே, "அட்டவணை தந்தால் விடை எழுதுவேன்" என்று பெரிய எழுத்தில் எழுதி இரண்டு கோடு இழுத்தேன். (0.3944. கழித்தால் 0.1056. ஐயாயிரத்தில் 528 பைக்கற். வெளியே வந்து புத்தகத்தைத் திறந்து அரை நிமிஷத்தில் கண்டேன்.)

அந்தக் கேள்விக்குப் பூச்சியம் போட்டார். செய்த முறைக்குக் கூட ஒரு புள்ளி கிடையாது. மற்றதெல்லாம் முழுப் புள்ளி. மொத்தம் 76.

அம்மாவைத் திரும்பவும் கூப்பிட்டிருந்தார்கள். பிரின்சிபல் மிஸ்ஸின் அறையில் சேர் பேப்பரை வைத்துக்கொண்டு சந்தோஷமாகவே இருந்தார். "பாருங்கோ மிஸ், 76. சரியா ரெண்டு நியம விலகல். அதுக்கு மேல ரெண்டேகால் வீதம் வரும். முப்பத்தெட்டுப் பேரில கிட்டத்தட்ட ஒராள். இது நம்பக்கூடின புள்ளி."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப பிரச்சின முடிஞ்சு. 76ஐயே ரிப்போட்ல போடுவம்" என்றார் மிஸ்.

92 போனது. லீவிங் இல்லை. அம்மா இரண்டு பேரையும் கும்பிட்டாள். என்னையும் கும்பிடச் சொன்னாள். நான் கும்பிடவில்லை. அதற்கு வீட்டில் அடி வாங்கினேன்.

எனக்குப் பக்கத்தில் இருந்த 39காரி கம்பளைப் பிள்ளை. அவள்தான் கொஞ்ச நாள் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். "நீ என்னத்துக்கு இப்பிடி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டு இரிக்கிற? எனக்கு 76 வந்தா எங்க உம்மா ஊருக்கே பிரியாணி போடுவா."

"உனக்கு 76 வந்தாலும் பேப்பர் களவுதான்னு சொல்லுவாங்க."

"எனக்கா? என்னயப் பாத்தா களவெடுக்கக் கூட மூள இல்லண்டு தெரியும்தானே."

அடுத்த தவணைப் பரீட்சை வந்தது. கேள்விகளை வாசித்தேன். எல்லாம் தெரிந்தவை. பேனாவை வைத்துவிட்டு வேறு கணக்கு ஒன்று போட்டேன். பேப்பர் போன முறையைவிடக் கொஞ்சம் லேசு. இடை 45, 46 வரும். நியம விலகல் பதினாலோ பதினைந்தோ. இரண்டு நியம விலகல் மேலே போனால் 74 அல்லது 76. அதற்குள் நிற்க வேண்டும். கடைசியில் 25 புள்ளிக்கு ஒரு கேள்வி. மேல் எல்லைக்கு மேலே இவ்வளவு வீதம், கீழ் எல்லைக்குக் கீழே இவ்வளவு வீதம், இடையையும் நியம விலகலையும் கண்டுபிடி. இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாக் கணியம். அந்தப் பேப்பரிலேயே நல்ல கேள்வி அதுதான். அட்டவணையும் இந்த முறை இருந்தது. மனதுக்குள் செய்து முடித்தேன். விடை வந்தது. தாளில் கேள்வி இலக்கத்தை மட்டும் எழுதி, கீழே வெறுமையாக விட்டுக் கட்டிக் கொடுத்தேன்.

எனக்கு 73 வந்தது. இடை 46, நியம விலகல் 14.

சேர் பலகையில் போட்டார். 73இல் 46 போனால் 27, பதினாலால் பிரித்தால் 1.93.

"பாத்தீங்களோ? போன முறை ஒரு பிழை விட்டவ. இப்ப திருந்தி ஒழுங்காப் படிக்கிறா. ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எண்டால் இப்பிடித்தான் இருக்கவேணும். எல்லாரும் கை தட்டுங்கோ."

முப்பத்தேழு பேரும் கை தட்டினார்கள். கம்பளைக்காரி எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினாள், பாவம், உண்மையான சந்தோஷத்தில். நான் எழுந்து நின்றேன். தெரிந்த கேள்வியை எழுதாமல் விட்டதற்கு என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது.