அப்பாவுக்கு மகளாகிப்போன அம்மா

கரமனையில் கம்ப்யூட்டர் கடைப் பெண், எங்கள் வம்ச வரைபடத்தின் போட்டோவைப் பார்த்து, பெற்றவர், பிள்ளை, உறவு என்று வரிவரியாக அடித்தாள். எனக்கு வாசிப்பு வராது. வாசித்துக் காட்டச் சொன்னேன். அப்பாவின் பிள்ளை அம்மா, உறவு மகள் என்றாள்.

“அது மகளில்லை மோளே, பெண்டாட்டி. அப்பா அக்கா மகளைத்தான் கட்டினார்.”

“அய்யோ, மாமா! படத்துல ஒரு தலைமுறை கீழயல்லவா இருக்காங்க? கோடும் மேலேருந்து வருது!”

“எங்களுக்கு அது முறை. அம்மா கடைசிவரைக்கும் அவரை மாமான்னுதான் கூப்பிட்டா. நீ போட்டபடி இருந்தா எனக்கு அம்மாவே இல்லை, அக்காதான்!”

சிரித்துக்கொண்டே அந்த வரியை அழித்தாள். அப்பாவின் அக்காவுக்கு மகளாக அம்மா இருந்த வரியை அப்படியே விட்டாள். பெற்றவர் இடத்தில் அம்மாவையும் பிள்ளை இடத்தில் என்னையும் போட்டு, உறவு மகன் என்று புது வரி சேர்த்தாள். அதை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.