வட்டம், சதுரம், ஓட்டை

எங்க தர்மாஸ்பத்திரியில முன்னல்லாம் சீக்காளிங்க க்யூவுல நிக்க மாட்டாங்க, சீசாங்கதான் நிக்கும். மருந்து வாங்க அவங்கவங்க சீசா கொண்டாரணும் இல்ல? அத விடியறதுக்கு முன்னாடியே வாசப்படியில வரிசையா வெச்சிட்டு ஊட்டுக்குப் போயிடுவாங்க. எதிர்த்தெரு பூவராகவன் ஊட்டு சீசா மட்டும் நாலு நிக்கும், அந்த ஊட்ல யாருக்கும் ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாத நாள்லகூட. பழவேற்காட்டுலேர்ந்து படகும் வண்டியுமா மாறி ஜெய்னம்பு பீவி கால் புண்ணோட வந்து சேர்றதுக்குள்ள மணி பத்தாயிடும். பன்னெண்டுக்கு டாக்டர் எழுந்து போயிடுவாரு. பீவி வந்த வழியே திரும்பும். நான் ஆயா, தொடப்பத்தோட நின்னு பாத்துக்கினு இருந்தேன்.

இத மாத்தினவரு எங்க பியூன் சடையப்பன். ஒருநாள் சீசா எல்லாத்தையும் ஓரமா தள்ளிட்டு, "சீசாவுக்கு இன்னா ஜுரமா? ஆளு வந்தா டோக்கன்"னாரு. கிரசின் டின்னை வெட்டி மூணு தினுசு டோக்கன் பண்ணியிருந்தாரு. வந்த வரிசைக்கு வட்டம். அறுபது தாண்டினவங்களுக்கு சதுரம், தொணைக்கு ஒரு ஆளும் கூடப் போவலாம். ரெண்டு வட்டம் போனா ஒரு சதுரம் போவும், அதனால லேட்டா வந்த கெழங்கட்டையும் பன்னெண்டுக்குள்ள உள்ள போயிடும், வட்டக்காரனும் வாடிப்போவ மாட்டான். நடுவுல ஓட்டை போட்டது அவசரத்துக்கு. அது நேரா உள்ள. ஆனா நர்சம்மா பாத்து சொன்னாத்தான் ஓட்டை. பல்வலிக்காரன் கூரை பிச்சுக்கற மாதிரி கத்தினாலும் வட்டந்தான். சத்தமே போடாம தோள்ல தொவண்டு கெடந்த கைக்கொழந்தைக்கு ஓட்டை. ஆஸ்பத்திரி ஆளுங்க எல்லாருக்கும் கடைசி வட்டம், அதையும் அவரே சொல்லிட்டாரு.

அப்புறம் ஆரம்பிச்சுது கூத்து! ரெண்டாந்தாரம் தேடும்போது நாப்பத்தஞ்சுன்னு சொன்ன பூவராகவன், சதுரத்துக்குக் கை நீட்டி அறுபத்திரெண்டுன்னாரு. நெசமாவே அறுபது தாண்டின ஜெய்னம்பு பீவியோ, "யாரைப் பாத்துக் கெழவின்ற? எனக்கு வட்டமே குடு"ன்னுது. அந்த வீம்புல ரெண்டு வாட்டி டாக்டரைப் பாக்காம போச்சு. மூணாவது வாட்டி முக்காட்டை இழுத்துக்கினு, யாரோ எதிரி தந்தாப்போல சதுரத்தை வாங்கிக்கிச்சு.

புதுசா வந்த டாக்டர் சடையப்பண்ணன் முதுகுல தட்டினாரு. "எழுதப் படிக்கத் தெரியாத ஜனத்துக்கு வடிவத்தாலயே அடையாளம்! இன்னா மூளைய்யா ஒனக்கு!" அண்ணன் பல்லைக் காட்டினாரு. மூளையாவது மண்ணாவது! அந்த மனுசன் ரெண்டு கண்ணுலயும் பொரை. வட்டமா சதுரமான்னு விரலாலதான் பாப்பாரு. ஆணியால குத்தின நம்பரையும் தடவித்தான் கூப்புடுவாரு.

டாக்டர் ஒரு சீட்டு குடுத்தா எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போவலாம். சதுரம் எடுத்தா அன்னிக்கே ஆவும், அவருக்கு வயசு அறுபத்திமூணு. ஆனா வேலையில சேரும்போது ஒம்பது வயசைக் கொறச்சு எழுதிட்டாரே! அம்பத்தஞ்சு தாண்டினது தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதனால தெனம் கடைசி வட்டத்தை மடியில முடிஞ்சுக்குவாரு, தன்னவிட சின்னவங்களுக்கெல்லாம் சதுரத்தை நீட்டுவாரு, பன்னெண்டு அடிச்சிடும். எனக்கு அழுகையும் வரும், சிரிப்பும் வரும்.

ஒருநாள் ஒரு அம்மாவைத் தொட்டு, "ஐயா, வழி விடு"ன்னாரு. ஜனம் கொல்லுனு சிரிச்சுது. சீசா போன வயித்தெரிச்சல்ல இருந்த பூவராகவன் டாக்டர் ரூம்பு வரைக்கும் கேக்கற மாதிரி கொரலை ஒசத்தினாரு. "இன்னா சடையப்பா, நீயும் நானும் ஒண்ணாத்தானே கோலி ஆடினோம்? கண்ணும் பூத்துப் போச்சு, நீயே ஒரு சதுரம் எடுத்துக்கயேன்!"

அண்ணன் மொகம் செத்துப் போச்சு. உள்ள டாக்டர் பேச்சு நின்னு போச்சு.

ஜெய்னம்பு பீவி எழுந்துது. "யோவ், யாருகூட யாரு கோலி ஆடினது? இந்தப் பையனை நான் இடுப்புல தூக்கினு திரிஞ்சவ! எனக்கு எழுபது ஆவுது, தெரிமா?"

எழுபதாம்! அறுபதுக்கே அந்த அமர்க்களம் பண்ணின வாய் அது.

"சதுரம் மூணு"ன்னு அண்ணன் கூப்புட்டாரு. அது பீவியோட நம்பர். பீவி அவரு கையைக் கெட்டியாப் புடிச்சுக்கிச்சு. "கெழவிக்குத் தொணையா ஒரு ஆளு உள்ள வரலாம்னு நீதானே சொன்ன? வாடா."

"ஒரு டோக்கனுக்கு ரெண்டு பேரா?"ன்னு பூவராகவன் எகிறினாரு. "தொணைக்கு டோக்கன் கெடையாது, குந்து"ன்னு நான் கதவாண்ட நின்னு தொடப்பத்தைக் குறுக்கே வெச்சேன்.

உள்ள டாக்டர், "காலைக் காட்டும்மா"ன்னாரு.

"கால் ஆறிப்போச்சு. என்னைக் கூட்டியாந்தவனுக்குத்தான் வழி தெரியல. அவன் கண்ணைப் பாரு."

டாக்டர் அண்ணன் எமையைத் தூக்கி வெளிச்சத்துல ரொம்ப நேரம் பாத்தாரு. "வயசு?"

"அம்பத்திநாலுங்க."

"இந்தக் கண்ணுக்கு அம்பத்திநாலு மாதிரி தெரியலையே?"

பீவி முந்திக்கிச்சு: "ஊர்ல இருக்கற கெழம் எல்லாத்தையும் தெனம் பாக்குதே டாக்டரே, கண்ணுக்கு மட்டும் வயசாயிடுச்சு."

டாக்டர் சிரிக்கல. எழும்பூர் சீட்டுல அம்பத்திநாலுன்னே எழுதிக் குடுத்தாரு. அண்ணன் அதை மடியில வெச்சுக்கினு, அங்கருந்த கடைசி வட்டத்தை எடுத்து, "இனி எனக்கு வேணாம்"னு என் கையில குடுத்தாரு. வாசலுக்கு வந்து அடுத்த வட்டத்தைக் கூப்புட்டாரு.